ஸ்பைக் பஸ்டர் இருந்தும் எஸ்எம்பிஎஸ் ஏன் செத்துச்சு?

இது கேமிங் பிசி வாங்குறது எப்படின்னு சொல்ற கட்டுரை இல்ல. வாங்கின பிசியை செஞ்சி மாதிரி ஒரு ஊர்ல உயிரோட வெச்சிருக்கிறது எப்படின்னு சொல்ற கட்டுரை. நான் ட்ரிப்பிள்ஈ ஃபைனல் இயர். மூணு வருஷம் பவர் சிஸ்டம்ஸ் படிச்சும், என் வீட்டு ப்ளக் பாயின்ட்டுக்குள்ள என்ன வருதுன்னு எனக்குத் தெரியல. ஒரு எஸ்எம்பிஎஸ் செத்த பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில எடுத்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். எங்க மாவட்டத்துல மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. செஞ்சியில எங்க தெருவுல கரண்ட் போச்சு, சில நாள் கழிச்சு ஒரு சாயங்காலம்தான் திரும்ப வந்தது. எல்லாரும் "வந்துடுச்சு"ன்னு கத்தினோம். ஒரு நிமிஷம் கூட ஆகல, ஹால்ல ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுத்த ஆரம்பிச்சுது. எல்இடி பல்பு கண்ணு கூசுற வெளிச்சம். எதிர் வீட்டுல அதே நேரம் பல்பு மினுக்மினுக்னு மங்கலா எரியுது. அப்பா ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்றதுக்குள்ள என் ரூம்ல இருந்து ஒரு "டப்". கருகின வாசனை.

அப்போ பிசி ஆன்ல கூட இல்ல. ஆனா சுவர் ஸ்விட்ச் ஆன்ல இருந்தது. நடுவுல நல்ல விலை கொடுத்து வாங்கின ஸ்பைக் பஸ்டரும் இருந்தது. இருந்தும் எஸ்எம்பிஎஸ் போச்சு. ஏன்?

சர்வீஸ் கடை அண்ணன் ரெண்டையும் கழட்டிக் காட்டினார். ஸ்பைக் பஸ்டருக்குள்ள நீல நிறத்துல பொத்தான் மாதிரி ஒரு பாகம் ரெண்டா வெடிச்சுக் கருப்பாயிருந்தது. எஸ்எம்பிஎஸ்ல ஃப்யூஸ் போயிருந்தது, பெரிய கெப்பாசிட்டரோட தலை உப்பி வாய் பிளந்திருந்தது. "இது இடி இல்ல தம்பி, நியூட்ரல் போயிருக்கு"ன்னார். பார்த்த உடனே சொல்லிட்டார். எனக்கு அதைக் கணக்குப் போட்டுப் புரிஞ்சுக்க ஒரு ராத்திரி ஆச்சு. அந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

நியூட்ரல் போனா என்ன ஆகும்

தெருக் கம்பத்துல மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல் வருது. உங்க வீட்டுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும். எதிர் வீட்டுக்கு வேற ஃபேஸ், அதே நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட். ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல அதை ரூட் 3-ஆல பெருக்கணும், கிட்டத்தட்ட 400 வோல்ட். நியூட்ரல் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் இந்த 400 யாரையும் தொடாது.

இப்போ காத்துல ஆடி ஆடி நியூட்ரல் இணைப்பு விட்டுப்போகுதுன்னு வெச்சுக்குங்க. உங்க வீட்டு கரண்ட் திரும்பிப் போக வழி இல்ல. அது நியூட்ரல் கம்பி வழியா எதிர் வீட்டுக்குள்ள நுழைஞ்சு அந்த ஃபேஸுக்குப் போகுது. ரெண்டு வீடும் 400 வோல்ட்டுக்கு நடுவுல சீரிஸ்ல மாட்டிக்குது. முதல் வருஷ சர்க்யூட் தியரிதான்: சீரிஸ்ல ரெசிஸ்டன்ஸ் அதிகமா இருக்கிறவனுக்குத்தான் வோல்டேஜ் அதிகமாப் போகும்.

எதிர் பக்க வீடுகள்ல ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 1500 வாட் லோடு ஓடுது. நம்ம பக்கம் நாலு பல்பு, ரெண்டு ஃபேன்னு 250 வாட்தான். எல்லாத்தையும் வெறும் ரெசிஸ்டன்ஸ்னு எடுத்துக்கிட்டா,

```
நம்ம வீட்டுக்கு  = 400 × 1500 / (1500 + 250) = 343 V
எதிர் வீட்டுக்கு = 400 ×  250 / (1500 + 250) =  57 V
```

கவனிச்சீங்களா? கரண்ட் கம்மியா செலவு பண்றவன் வீட்டுக்குத்தான் அடி. எங்க வீட்டுல ஃபேன் பறந்ததும் எதிர்ல பல்பு மங்கினதும் இதனாலதான். நிஜத்துல மூணு ஃபேஸும் கலந்து இருக்கும், லோடும் சுத்தமான ரெசிஸ்டன்ஸா இருக்காது, அதனால நம்பர் மாறும். ஆனா கதை இதுதான்.

343 வோல்ட்னா அது ஆர்எம்எஸ். சைன் வேவோட உச்சி அதை 1.414-ஆல பெருக்கினா 485 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ல உள்ள வர ஏசியை டிசி ஆக்கிப் பெரிய கெப்பாசிட்டர்ல சேமிச்சு வைப்பாங்க. அந்தக் கெப்பாசிட்டர் மேல 400 இல்லேன்னா 420 வோல்ட்னு எழுதியிருக்கும், சிலதுல 450. அதுல 485 ஏறினா தலை உப்பாம என்ன பண்ணும்? பிசி ஆஃப்ல இருந்தாலும் இது நடக்கும். ஏன்னா பின்னாடி இருக்கிற ராக்கர் ஸ்விட்சையோ சுவர் ஸ்விட்சையோ ஆஃப் பண்ணாத வரைக்கும், ஸ்டாண்ட்பை சப்ளைக்காக அந்தக் கெப்பாசிட்டர் எப்பவும் சார்ஜ்லதான் இருக்கும்.

சரி, ஸ்பைக் பஸ்டர் என்ன பண்ணிச்சு?

அது அதோட வேலையைத்தான் பண்ணிச்சு. நாமதான் அதுக்கு இல்லாத வேலையைக் கொடுத்தோம்.

வெடிச்ச அந்த நீல பொத்தானுக்குப் பேர் எம்ஓவி, மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே சும்மா உட்கார்ந்திருக்கும். சாதாரண வோல்டேஜ்ல கரண்ட்டை விடாது. வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்டினா சட்டுனு கதவைத் திறந்து, வர்ற அடியைத் தன் மேல வாங்கிக்கும். என்னுதுல 431-னு போட்டிருந்தது. 43-க்குப் பின்னாடி ஒரு சைபர், அதாவது 430 வோல்ட்ல திறக்க ஆரம்பிக்கும். தொடர்ந்து இருக்கலாம்னு அனுமதிச்ச ஏசி 275 வோல்ட்.

இது யாருக்காகச் செஞ்சதுன்னா, மின்னலோ, பக்கத்துல பெரிய மோட்டார் ஆஃப் ஆகுறதோ அனுப்புற சர்ஜுக்கு. சர்ஜ் எவ்வளவு நேரம் இருக்கும் தெரியுமா? லேப்ல டெஸ்ட் பண்ற வேவே 8 மைக்ரோசெகண்ட்ல ஏறி, 20 மைக்ரோசெகண்ட்ல பாதியா இறங்கிடும். கண்ணிமைக்கிற நேரத்துல அது ஆயிரம் தடவை வந்து போயிடலாம். அந்த நேரத்துக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கூட எம்ஓவி தாங்கும். ஆனா நியூட்ரல் போனது மைக்ரோசெகண்ட் விஷயம் இல்ல. ஒவ்வொரு அரை சைக்கிளும், செகண்டுக்கு 100 தடவை, 485 வோல்ட் உச்சி வந்து கதவைத் தட்டுது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடு. அந்தச் சின்ன வட்டு தொடர்ந்து வெளியேத்த முடிஞ்ச சூடு ஒரு வாட் கூட இல்ல. சூடு ஏற ஏற இன்னும் அதிகமா கரண்ட் விடும், அதனால இன்னும் சூடு. கடைசியில வெடிச்சிடுது.

மழைக்குக் குடை பிடிக்கலாம். வெள்ளத்துக்குக் குடை பிடிச்சா குடைதான் முதல்ல போகும்.

இன்னொரு விஷயம். நல்ல ஸ்பைக் பஸ்டர்ல எம்ஓவியோட சேர்த்து ஒரு தெர்மல் ஃப்யூஸ் இருக்கும். எம்ஓவி சூடானா அது அறுத்துவிடும், தீப்பிடிக்காம இருக்க. ஆனா நிறைய மாடல்ல அது எம்ஓவியை மட்டும்தான் கழட்டிவிடும், பிசிக்குக் கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும். அதுக்காகத்தான் "ப்ரொடெக்டட்"னு ஒரு தனி விளக்கு வைக்கிறாங்க. அது அணைஞ்சிருந்தா உங்ககிட்ட இருக்கிறது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். உங்களுதை இப்பவே ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. ரொம்ப விலை கம்மியா ஸ்பைக் பஸ்டர்னு பேர் போட்டு விக்கிறதுல அந்த விளக்கே இருக்காது. என் ரூம்மேட்டோடதை ஸ்க்ரூ கழட்டிப் பார்த்தோம். ஒரு ஸ்விட்ச், ஒரு ஃப்யூஸ், ஒரு நியான் லைட். எம்ஓவி கிடையாது. "மச்சான், ரெண்டு வருஷமா பூட்டு இல்லாத கதவுக்கு சாவி வெச்சிருந்தேன்டா"ன்னான்.

அப்போ 343 வோல்ட்டை யார் தடுக்கிறது? ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். மீட்டர் போர்டுல எம்சிபி பக்கத்துல மாட்டுற சின்ன டப்பா. உள்ள ஒரு ரிலே, முன்னாடி டிஜிட்டல் டிஸ்ப்ளே. நாங்க மேல 265, கீழ 170-னு செட் பண்ணி வெச்சிருக்கோம். அதைத் தாண்டினா ஒரு செகண்டுக்குள்ள வீட்டையே கழட்டிவிடும். வோல்டேஜ் சரியாகி 2 நிமிஷம் நிலையா இருந்தாதான் திரும்ப இணைக்கும். வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. உங்க வீட்டு மெயின் எம்சிபி எத்தனை ஆம்பியரோ அதுக்குக் குறையாம இருக்கணும். 400 வோல்ட்டுக்கு மேல வந்தாலும் அந்த டப்பா தாங்கும்னு அதோட விவரத்துல எழுதியிருக்கணும், இல்லேன்னா முதல் நாளே அதுவே போயிடும். மாட்டுற வேலையை எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க. ட்ரிப்பிள்ஈ படிக்கிறோம்னு நாமளே மெயினைத் தொடறது வீரம் இல்ல. எங்களுக்கு டப்பாவும் கூலியும் சேர்த்து, புது எஸ்எம்பிஎஸ் விலையில பாதிதான் ஆச்சு.

வாடகை வீடு, போர்டுல கை வைக்க முடியாதுன்னா ப்ளக்லயே சொருகுற மாடலும் இருக்கு. அதுவும் இல்லேன்னா அடையாளம் தெரிஞ்சு வெச்சுக்குங்க: சில பல்பு பளிச், சிலது மங்கல்; ஃபேன் வேகம்; பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டா உங்க வீட்டு வெளிச்சம் ஏறி இறங்கும். இதுல எதைப் பார்த்தாலும் யோசிக்காம மெயினை ஆஃப் பண்ணிட்டு, மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிட்டு "நியூட்ரல் கட்"னு சொல்லுங்க.

மூணாவது ஓட்டை

இது செஞ்சிக்காரங்களுக்கு ஸ்பெஷல். கேபினெட்டைத் தொட்டா விரல்ல "சுர்ர்"ருனு ஒரு உணர்ச்சி வருதா? கேபினெட்டுக்கு எர்த் கிடைக்கலன்னு அதுக்கு அர்த்தம்.

எஸ்எம்பிஎஸ் உள்ள நுழையுற இடத்துல இரைச்சலை வடிகட்ட ரெண்டு குட்டி கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்ல இருந்து கேபினெட்டுக்கு, இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து கேபினெட்டுக்கு. எர்த் இருந்தா அந்தக் கசிவு பூமிக்குப் போயிடும். இல்லேன்னா கேபினெட் ரெண்டுக்கும் நடுவுல, 115 வோல்ட் பக்கத்துல மிதக்கும். கரண்ட் ரொம்பக் கம்மி, அதனால சுர்ருனு மட்டும் வருது. ஆனா ஸ்பைக் பஸ்டர்ல இருக்கிற எம்ஓவிகள்ல பாதிக்கு எர்த்தான் போக்கிடம். எர்த் இல்லேன்னா அதுங்க அடியை எங்க கொண்டு போய்க் கொட்டும்?

மல்டிமீட்டர்ல பார்க்கலாம். ஏசி 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்ச்ல வெச்சு, சிவப்பு வயர் வோல்ட் துளையில இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. 10 ஆம்பியர் துளையில இருந்தா ஷார்ட் ஆகி கையிலயே வெடிக்கும். செருப்பு போட்டுக்கிட்டு ஒரு கையால பண்ணுங்க. பழக்கம் இல்லேன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பக்கத்துல நின்னு பாருங்க. ஃபேஸ்-நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. இதுதான் நல்ல பாயின்ட். எங்க வீட்டுல ஃபேஸ்-எர்த் 90-னு வந்து ஆடிக்கிட்டே இருந்தது. மூணாவது துளைக்கு வயர் இருந்தது, ஆனா அது போய்ச் சேர்ந்த குழி பதினஞ்சு வருஷம் பழசு, காஞ்ச பாறை.

நம்ம ஊரைப் பத்தி சொல்லவே வேண்டாம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் குவிச்சு வெச்ச கல்லு மாதிரி நிக்குது. அதே கல்லுதான் வீட்டுக்குக் கீழயும். எர்த்துக்கு இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை நேரா இறக்கணும். எங்க பின்பக்கம் மூணடியில பாறை. எலக்ட்ரீஷியன் இடத்தை மாத்தி, கிணத்தடியில ஈரமா இருக்கிற பக்கம் பைப்பைச் சாய்ச்சு இறக்கினார். பாறை வந்தா சாய்க்கலாம், ஆனா செங்குத்துல இருந்து 30 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு விதி. சுத்தி கரியும் உப்பும். கோடையில வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துறது இப்போ என் தம்பியோட டியூட்டி.

ஒரு குறுக்குவழி இருக்குன்னு யாராவது சொல்வாங்க: சாக்கெட்லயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டிடு, சுர்ருனு வராதுன்னு. தயவு செஞ்சு பண்ணாதீங்க. உண்மைதான், சுர்ருனு வராது. ஆனா முன்னாடி சொன்ன மாதிரி நியூட்ரல் அறுந்த அன்னைக்கு கேபினெட் முழுக்க உயிர்க் கரண்ட் நிக்கும். அப்போ எஸ்எம்பிஎஸ் போறதைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்க.

இப்போ யூபிஎஸ்

மேல சொன்னதெல்லாம் பிசி சாகாம இருக்க. யூபிஎஸ், கரண்ட் போகும்போது கேமும் ஃபைலும் சாகாம இருக்க. ரெண்டும் வேற வேற பிரச்சினை. நிறைய பேர் ஒண்ணை வாங்கிட்டு இன்னொண்ணுக்கும் ஆச்சுன்னு நினைக்கிறாங்க.

கடையில கேட்டா "600 விஏ போதும் தம்பி, எல்லாரும் அதான் வாங்குறாங்க"ன்னு சொல்வாங்க. ஆஃபீஸ் பிசிக்குப் போதும். கேமிங் பிசிக்கு அளந்துதான் சொல்லணும். எஸ்எம்பிஎஸ் மேல 550 வாட்னு இருக்கிறது அது கொடுக்கக்கூடிய உச்சம், நீங்க இழுக்கிறது இல்ல. ப்ளக்ல சொருகுற வாட் மீட்டர் ஒண்ணை சீனியர்கிட்ட கடன் வாங்கினேன். என் மெஷின் ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060. டெஸ்க்டாப்ல சும்மா இருந்தா 60 வாட், கேம்ல 290, சிபியு ஜிபியு ரெண்டையும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல போட்டு வதைச்சா 345. மானிட்டர் தனியா 25.

யூபிஎஸ் மேல எழுதியிருக்கிற விஏ வாட் இல்ல. இந்த விலை ரகத்துல பெரும்பாலும் விஏவை 0.6-ஆல பெருக்கணும். 600 விஏன்னா 360 வாட். கேம் ஆடும்போது நான் 315. உள்ள போகுது, ஆனா கழுத்து வரைக்கும். ஒரு ஹெவி சீன்ல 370 ஆச்சுன்னா ஓவர்லோடு, கரண்ட் போன அந்த நொடியில யூபிஎஸ் கத்திட்டு ஆஃப் ஆயிடும். 1100 விஏன்னா 660 வாட், நான் பாதியிலதான் இருக்கேன். பெரிய கிராஃபிக்ஸ் கார்டுங்க சில மில்லிசெகண்டுக்கு சராசரியைப் போல ரெண்டு மடங்கு கூட இழுக்கும். அதனால மேல இடம் விட்டு வாங்குறது வீண் செலவு இல்ல.

நேரம் எவ்வளவு வரும்? 1100 விஏ மாடல்கள்ல பொதுவா 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ரெண்டு இருக்கும். 24-ஐ 7-ஆல பெருக்கி 168 வாட்-அவர், 315-ஆல வகுத்தா அரை மணி நேரம்னு கணக்கு வரும். நம்பாதீங்க. இன்வெர்ட்டர் சர்க்யூட்ல 20 சதவீதம் போயிடும், அதனால பேட்டரி கொடுக்க வேண்டியது 394 வாட், 16 ஆம்பியருக்கு மேல. 7 ஏஹெச்ங்கிறது மெதுவா 20 மணி நேரத்துல எடுத்தா கிடைக்கிற அளவு. இப்படி உறிஞ்சினா பாதி கூட வராது. எனக்குக் கிடைச்சது 10 நிமிஷம். கேமை மூடிட்டு டெஸ்க்டாப்புக்கு வந்தா 85 வாட்தான், முக்கால் மணி நேரம் கிட்ட நின்னுது. ஆக யூபிஎஸ் பேட்டரியில மேட்சை முடிக்கலாம், சேவ் பண்ணலாம். கட் முழுக்க ஆட முடியாது. ரூட்டரையும் யூபிஎஸ்ல போடுங்க, இல்லேன்னா பிசி உயிரோட இருக்கும், மேட்ச் செத்திருக்கும்.

இந்த 10 நிமிஷமும் புதுசுல. ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. மே மாசம் செஞ்சியில மேஜைக்கு அடியில எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிங்க. ரெண்டு வருஷத்துல பேட்டரி மாத்துற செலவையும் சேர்த்துப் பாருங்க.

வேவ்ஃபார்ம் பத்திக் கேட்பீங்க. விலை கம்மியான யூபிஎஸ் பேட்டரியில ஓடும்போது சைன் வேவ் தராது, படிப்படியா வெட்டின சதுர வேவ்தான் தரும். ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிற எஸ்எம்பிஎஸ் சிலதுக்கு அது பிடிக்காது, மாறின உடனே பிசி ஆஃப் ஆகும் இல்ல ஒரு "ங்ங்ங்" சத்தம் வரும். நிறைய எஸ்எம்பிஎஸ் கண்டுக்காம ஓடும். எது உங்களுதுன்னு டெஸ்ட் பண்ணித்தான் தெரியும், அதனால ரிட்டர்ன் பண்ண முடியுற கடையில வாங்குங்க. டெஸ்ட் எப்படின்னா, எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, ஹெவி கேமை ஓட விட்டு, யூபிஎஸ் சொருகியிருக்கிற சுவர் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. ப்ளக்கை உருவாதீங்க, உருவினா எர்த்தும் சேர்ந்து போயிடும். பத்து தடவை ஆஃப் ஆன் பண்ணியும் பிசி அசரலேன்னா பாஸ்.

"வீட்டுல 150 ஏஹெச் இன்வெர்ட்டர் இருக்கே, அது போதாதா?" நல்ல கேள்வி, ஏன்னா மணிக்கணக்குல ஆடலாம். முதல்ல அது சைன் வேவான்னும், பிசி லோடைத் தாங்குமான்னும் பாருங்க. பிறகு பின்னாடி யூபிஎஸ் மோட், நார்மல் மோட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மல்ல மாறுறதுக்கு 30, 40 மில்லிசெகண்ட் கூட ஆகும். எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரை நம்பி மூச்சைப் பிடிச்சிருக்கிறது ஃபுல் லோடுல சுமார் 16 மில்லிசெகண்ட்தான். அதனால பிசி ரீஸ்டார்ட் ஆகும். யூபிஎஸ் மோட்ல போட்டா சரியாகும், ஆனா அப்போ 180 வோல்ட்டுக்குக் கீழ போனாலே பேட்டரிக்கு மாறிடும். மோட்டார் ஓடுற நேரம் எங்க தெருவுல 175 வரைக்கும் இறங்கிப் பார்த்திருக்கேன். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகும். இத்தனைக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் 100 வோல்ட் வரைக்கும் இறங்கி ஓடக்கூடியது, 175 அதுக்கு ஒரு பிரச்சினையே இல்ல. லோ வோல்டேஜ் ஃப்ரிட்ஜுக்கும் மோட்டாருக்கும்தான் எமன். பிசிக்கு எமன் ஹை வோல்டேஜ்.

யூபிஎஸ்ல யூஎஸ்பி போர்ட் இருந்து, விண்டோஸ்ல பேட்டரி ஐகான் வந்தா, நீங்க வீட்டுல இல்லாதப்பவும் பிசி தானா ஹைபர்நேட் ஆகும்படி வைக்கலாம். அட்மின் டெர்மினல்ல:

```
powercfg /hibernate on
powercfg /setdcvalueindex SCHEME_CURRENT SUB_BATTERY BATLEVELCRIT 40
powercfg /setdcvalueindex SCHEME_CURRENT SUB_BATTERY BATACTIONCRIT 2
powercfg /setactive SCHEME_CURRENT
```

40-னா பேட்டரி 40 சதவீதம் ஆனதும். 2-னா ஹைபர்நேட், ஷட்டவுன் வேணும்னா 3. வழக்கமா இருக்கிறதை விட இவ்வளவு மேல வெச்சதுக்குக் காரணம், பழைய பேட்டரி 40-ல இருந்து 0-க்குப் படியிறங்காது, குதிக்கும். BIOS-ல `Restore on AC Power Loss` இருந்தா `Power Off`-ல வையுங்க. கரண்ட் வந்த முதல் ரெண்டு நிமிஷம் தெருவே சேர்ந்து மோட்டார் போடும், அந்தக் கூட்டத்துல உங்க பிசியும் எழுந்து நிக்க வேண்டாம்.

இப்போ எங்க வீட்டு வரிசை இது: மீட்டர் போர்டுல வோல்டேஜ் ப்ரொடெக்டர், புது எர்த், ரூம் சாக்கெட்ல ஸ்பைக் பஸ்டர், அதுல யூபிஎஸ், யூபிஎஸ்ல பிசியும் மானிட்டரும் ரூட்டரும். இடி மட்டும் இந்த வரிசைக்குள்ள அடங்காது. பக்கத்துல விழுந்தா எந்த எம்ஓவியும் தாங்காது. மலை மேல மேகம் கறுத்தா நான் ப்ளக்கை உருவிடுறேன், ரூட்டருக்கு வர்றது செம்புக் கேபிள்னா அதையும் சேர்த்து. ஃபைபர்னா அதை விட்டுடலாம், கண்ணாடிக்குள்ள கரண்ட் வராது.

ப்ரொடெக்டர் மாட்டின பிறகு இதுவரைக்கும் ரெண்டு தடவை வீட்டைக் கழட்டிவிட்டிருக்கு. ஒரு தடவை டிஸ்ப்ளேல 291-னு காட்டிக்கிட்டு இருந்தது. அம்மாவுக்கு சீரியல் போச்சுன்னு கோபம். நான் அந்த நம்பரை ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.